3 மெகாஹெர்ட்ஸா, 6 மெகாஹெர்ட்ஸா? ரூபிடியம் கோட்டின் இயல்பு அகலம்

கேள்வி: "ரூபிடியம் 87-இன் 780 நானோமீட்டர் கோட்டுக்கு, கிளர்நிலையின் ஆயுட்காலம் 26.2 நானோநொடி. ΔE·Δt ≥ ħ/2 என்று போட்டால் அகலம் 3 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. புத்தகத்தில் 6 என்று இருக்கிறது. எங்கள் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் அளந்தால் 15. எது சரி? இந்த அகலத்தைவிடத் துல்லியமாக அந்த ஆற்றலை அறியவே முடியாதா?"

புத்தகம் சொல்லும் 6 தான் சரி. உங்கள் 15-லும் தவறில்லை, அதில் வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. அந்த 3 மட்டும் பொருந்தாத சமன்பாட்டிலிருந்து வந்தது.

கிளர்நிலையில் இருக்கும் அணுக்களின் எண்ணிக்கை exp(−t/τ) என்று குறைகிறது. எண்ணிக்கை என்பது வீச்சின் இருமடி. ஆகவே வீச்சு exp(−t/2τ) என்று, பாதி வேகத்தில்தான் தேய்கிறது. இப்படித் தேயும் அலையை ஃபூரியே மாற்றம் செய்தால் லாரன்சியன் வடிவம் கிடைக்கும். அதன் உச்சத்தில் பாதி உயரத்தில் அளக்கும் முழு அகலம்:

Δν = 1/(2πτ)

26.2 நானோநொடியைப் போட்டுப் பாருங்கள், 6.07 மெகாஹெர்ட்ஸ் வரும். 1930-இல் வைஸ்கோப்பும் விக்னரும் குவாண்டம் முறையில் கணக்கிட்டபோதும் இதே வடிவம்தான் வந்தது. இங்கே இருப்பது சமக்குறி, "குறைந்தபட்சம்" என்ற பேச்சே இல்லை. உங்கள் 3 என்பது இந்த அகலத்தின் பாதி. Δt-க்குப் பதில் τ-ஐ வைத்ததால் தற்செயலாக அங்கே போய் நின்றிருக்கிறது.

நிச்சயமின்மைத் தொடர்பில் வரும் ΔE ஒரு திட்ட விலக்கம். லாரன்சியனின் இரு ஓரங்களும் மிக மெதுவாகத் தாழ்வதால், அந்த வடிவத்துக்குத் திட்ட விலக்கம் கணக்கிட்டால் முடிவிலி வரும். அப்புறம் அந்தச் சமனின்மையில் பாதி உயர அகலத்தை எப்படி வைப்பது? Δt-யும் ஆயுட்காலம் அல்ல. 1945-இல் மாண்டல்ஷ்டாமும் டாமும் காட்டியபடி, ஏதாவது ஓர் அளவின் சராசரி, தன் திட்ட விலக்கத்தின் அளவுக்கு நகர எடுக்கும் நேரம்தான் Δt. குவாண்டம் இயக்கவியலில் நேரத்துக்கு இடத்தைப் போலவோ உந்தத்தைப் போலவோ ஓர் இயக்கி கிடையாது. அதனால் "நேரத்தை அளப்பதில் வரும் பிழை" என்று Δt-ஐப் படிப்பது முதல் அடியிலேயே தடம் மாறுகிறது. அணு கொஞ்ச நேரம் ஆற்றலைக் கடன் வாங்குகிறது என்ற விளக்கமும் அப்படித்தான். கிளர்நிலை துல்லியமான ஒற்றை ஆற்றல் கொண்ட நிலையே அல்ல, பல ஆற்றல்களின் கலவை. ஆற்றல் அழியாமை எந்தக் கணத்திலும் மீறப்படுவதில்லை.

துல்லியம் பற்றிய கேள்விக்கு வருவோம். அகலம் வேறு, மையம் வேறு. ஒரு ஃபோட்டானின் அதிர்வெண் 6 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் பரவியிருக்கும், உண்மை. ஆனால் ஏராளமான ஃபோட்டான்களைச் சேர்த்து வளைகோட்டின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதை அது தடுக்காது. இதே கோட்டின் மைய அதிர்வெண் சுமார் 6 கிலோஹெர்ட்ஸ் துல்லியத்தில் அளக்கப்பட்டிருக்கிறது, அதாவது அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சரி, உங்கள் 15. அறை வெப்பநிலையில் டாப்ளர் விரிவு மட்டுமே சுமார் 510 மெகாஹெர்ட்ஸ். ஆகவே எதிரெதிராக இரு கற்றைகளை அனுப்பும் செறிவூட்டல் முறையில்தான் அளந்திருப்பீர்கள். முதலில் அளவுகோலைச் சரிபாருங்கள். ஆஸிலாஸ்கோப் காட்டுவது நேரம், அதிர்வெண் அல்ல. அணுவின் மீநுண் நிலைகளில், தரைநிலையின் F=2-இலிருந்து கிளர்நிலையின் F′=2, F′=3 ஆகியவற்றுக்குப் போகும் இரு கோடுகளுக்கு இடையே 266.65 மெகாஹெர்ட்ஸ். அதை வைத்து அச்சை அளவிடுங்கள். இடையில் சரிபாதியில் ஒரு குறுக்குக் கோடும் வரும். பல நேரம் அதுதான் உயரமாக நிற்கும் என்பதால் உண்மைக் கோடு என்று நினைத்துவிடாதீர்கள்.

பெரும்பாலும் அகலத்தைக் கூட்டுவது லேசரின் செறிவுதான். ஒற்றைக் கற்றைக்கு அகலம் √(1+I/Iₛ) மடங்காகும். இதில் I லேசரின் செறிவு, Iₛ அந்தக் கோட்டுக்கான செறிவூட்டல் செறிவு. வட்ட முனைவாக்க ஒளியில், F=2-இலிருந்து F′=3-க்கான Iₛ சுமார் 1.67 மில்லிவாட்/செ.மீ². அதைப்போல மூன்று மடங்கு செறிவு வைத்தாலே 6 மெகாஹெர்ட்ஸ் 12 ஆகிவிடும். இரு கற்றை முறையில் சூத்திரம் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு இதுதான். வடிகட்டி வைத்து இரு கற்றைகளின் திறனையும் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அகலத்தைக் குறித்துக்கொண்டு, திறன் பூச்சியமாகும் இடம் வரை வளைகோட்டை நீட்டுங்கள். அப்போதும் 6-க்கு மேலே நின்றால், மீதி லேசரின் சொந்த அகலம், அல்லது கற்றைகள் சரியாக எதிரெதிராக இல்லாமல் சிறு கோணத்தில் வெட்டுவது. 10 மில்லிரேடியன் கோணமே சில மெகாஹெர்ட்ஸ் சேர்த்துவிடும். கோணத்தைக் குறைத்து மறுபடி அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.