ஜூன் 4 அன்று விற்ற மூன்று லட்சம்

"எனக்கு 37 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாக மாதம் 15,000 ரூபாய் எஸ்ஐபி போடுகிறேன். மகளின் கல்லூரிப் படிப்புக்கு. அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. காலையில் 9.15க்குச் சந்தை திறந்ததிலிருந்து ஏழெட்டு தடவையாவது ஆப்பைத் திறந்து பார்த்துவிடுவேன். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று பயந்துபோய் இண்டெக்ஸ் ஃபண்டில் இருந்த 3 லட்சத்தை விற்றுவிட்டேன். அந்தப் பணம் இன்றுவரை சேமிப்புக் கணக்கில்தான் கிடக்கிறது. மீதியில் நான் போட்டது 8.5 லட்சம். ஒரு நாள் அது 12 லட்சத்தைத் தொட்டது, இப்போது 10.9 லட்சம். 1.1 லட்சம் போய்விட்டதே என்று தூக்கமே வரவில்லை. கணவர் 'பார்க்காதே' என்கிறார். பார்க்காமல் விட்டால் ஏமாந்துவிட மாட்டோமா? எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்ப்பது சரி?" – வாசகி, திருப்பூர்

முதலில் அந்த 1.1 லட்சத்தைப் பார்ப்போம். நீங்கள் போட்டது 8.5, இருப்பது 10.9. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இது 2.4 லட்சம் லாபம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் மனசு அதை நஷ்டம் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. காரணம், நீங்கள் 12 லட்சத்தைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். தினமும் பார்க்கிறவருக்கு உச்சத்தைத் தொட்ட நாளும் கண்ணில் பட்டுவிடும். அதன் பிறகு போட்ட பணத்தோடு யாரும் ஒப்பிடுவதில்லை, அந்த உச்சத்தோடுதான் ஒப்பிடுவார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு அந்த 12 லட்சம் வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது.

இரண்டாவது காரணம் எளிய கணக்கு. ஒரு பங்கு ஃபண்ட் வருடத்துக்குச் சராசரியாக 12 சதவீதம் தருகிறது, ஏற்ற இறக்கம் 16 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு வரும் லாபம் மிகச் சின்னது, சுமார் 0.05 சதவீதம். ஆனால் ஒரு நாளின் அசைவு சுமார் 1 சதவீதம், அதாவது இருபது மடங்கு. அதனால் எந்த ஒரு நாளிலும் பச்சை தெரிய வாய்ப்பு 52 சதவீதம்தான்; கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது போல. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் அது சுமார் 65 சதவீதம் ஆகிறது. வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் 77. ஃபண்ட் அதேதான், பார்க்கிற இடைவெளி மட்டும்தான் மாறுகிறது.

இதோடு இன்னொன்றையும் சேருங்கள். ஆயிரம் ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வலி, ஆயிரம் ரூபாய் போனால். டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் சோதனைகளில் கண்டது இது. வருடத்தில் சுமார் 250 நாள் சந்தை நடக்கிறது. தினமும் பார்த்தால் 130 நாள் சந்தோஷம், 120 நாள் வலி. வலியை இரட்டித்தால் 240. லாபம் தருகிற ஃபண்டை வைத்துக்கொண்டே வருடம் முழுக்க நஷ்டத்தில் வாழ்கிற உணர்வு இப்படித்தான் வருகிறது. உங்களுக்குத் தூக்கம் வராததற்கு உங்கள் மனசின் பலவீனம் காரணமில்லை. யார் இப்படிப் பார்த்தாலும் இதேதான் நடக்கும்.

உணர்வோடு நின்றால்கூடப் பரவாயில்லை, அது முடிவையும் மாற்றிவிடுகிறது. இவர்கள் இருவரும் ரிச்சர்ட் தேலர், ஆலன் ஷ்வார்ட்ஸ் இருவரோடு சேர்ந்து அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனை 1997இல் வெளியானது. இரண்டே ஃபண்டுகள்: ஒன்று பங்கு போல ஏறி இறங்குவது, மற்றது கடன் பத்திரம் போல நிதானமானது. மாதாமாதம் முடிவைப் பார்த்தவர்கள் பங்கு ஃபண்டில் கடைசியாக வைத்தது சுமார் 40 சதவீதம். வருடக் கணக்கில் மட்டும் முடிவைப் பார்த்தவர்கள் வைத்தது சுமார் 70 சதவீதம். அடிக்கடி பார்த்தவர்களுக்குத் தகவல் கூடுதலாகத்தான் கிடைத்தது. அந்தத் தகவலே அவர்களைப் பயமுறுத்தி ஒதுங்க வைத்தது.

இப்போது உங்கள் ஜூன் 4. முந்தைய நாள், கருத்துக்கணிப்புகளை நம்பி, 50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264இல் முடிந்திருந்தது. நீங்கள் அந்தப் பச்சையையும் பார்த்திருப்பீர்கள். மறுநாள் அது கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884இல் முடிந்தது. பிற்பகல் 3 மணிக்குள் விற்கச் சொன்னால் அன்றைய என்ஏவியே, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கான அன்றைய விலையே கிடைக்கும் என்பது விதி. அவசர நாளில் இந்த வசதியே எதிரியாகிவிடுகிறது. மதியம் பயந்து அழுத்திய பட்டன், அன்றைய தாழ்ந்த விலையையே உங்களுக்கு உறுதி செய்துவிட்டது. 3 லட்சம் சுமார் 2.82 லட்சமாகக் கைக்கு வந்தது. ஜூன் 7, அதாவது மூன்றே நாளில், நிஃப்டி 23,290. அப்படியே விட்டிருந்தால் 3 லட்சமும் திரும்பியிருக்கும். அந்த செப்டம்பரில் 26,200 வரை போய், பிறகு மாதக்கணக்கில் இறங்கி, 2025 மார்ச் 4 அன்று 22,083இல் முடிந்தது. அந்தப் பெரிய இறக்கத்திலும் முடிவு விலை நீங்கள் விற்ற விலைக்குக் கீழே போகவில்லை.

அதே 2024இல் ஜனவரி முதல் ஞாயிறும் ஜூலை முதல் ஞாயிறும் மட்டும் நீங்கள் பார்த்திருந்தால்? ஜனவரியில் சுமார் 21,700, ஜூலையில் சுமார் 24,300. ஜூன் 4 என்று ஒரு நாள் உங்கள் கணக்கில் இருந்திருக்கவே இருக்காது.

2020ஐயும் எடுத்துப் பாருங்கள். ஜனவரி 14 அன்று 12,362, மார்ச் 23 அன்று 7,610. 38 சதவீத வீழ்ச்சி. ஜூலை முதல் வாரத்தில் அது சுமார் 10,600க்கு வந்துவிட்டது. ஜனவரி முதல் ஞாயிறன்று சுமார் 12,200ஐப் பார்த்துவிட்டு ஜூலையில் மறுபடி பார்த்தவருக்குத் தெரிந்தது 13 சதவீத இறக்கம்தான். மலிவான விலையில் கூடுதலாக வாங்கும் வாய்ப்பு அவருக்கும் போனது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய எஸ்ஐபி மார்ச்சிலும் ஏப்ரலிலும் தானாகவே அந்த மலிவு விலையில் வாங்கியிருக்கும், அதை அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால். தினமும் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்த பலர் நிறுத்தியது அந்த மாதங்களில்தான்.

சரி, அட்டவணைக்கு வருவோம். மாதம் ஒரு முறை ஐந்து நிமிடம் போதும், அதுவும் ஆப்பில் வேண்டாம். எஸ்ஐபி தேதிக்கு மூன்று நாள் கழித்து வங்கிக் கணக்கில் 15,000 கழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருப்பு போதாமல் தவணை திரும்பிவிடுவதுதான் மாதாமாதம் உண்மையில் நடக்கக்கூடிய தவறு.

ஜனவரி, ஜூலை முதல் ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஞாயிறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சந்தை மூடியிருக்கும், எண் அசையாது, அவசரமாக எதை அழுத்தினாலும் அன்றே விற்பனை நடக்காது. அன்று பார்க்க வேண்டியது மொத்த மதிப்பை அல்ல, பங்கும் பாதுகாப்பான முதலீடும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதைத்தான். ஒன்பது வருடம் இருக்கிற உங்களுக்கு 75க்கு 25 பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்த 75, ஐந்து புள்ளிக்கு மேல் விலகினால் மட்டும் கை வைக்க வேண்டும்.

இன்றைக்கே போட்டுப் பார்ப்போம். ஃபண்டில் 10.9, சேமிப்புக் கணக்கில் 2.82, மொத்தம் 13.72 லட்சம். பங்கின் அளவு சுமார் 79 சதவீதம். 80ஐத் தாண்டவில்லை, ஆகவே ஒன்றும் செய்ய வேண்டாம். நீங்கள் தப்பு என்று நினைத்து வருந்துகிற அந்த 2.82 லட்சம், உங்களிடம் இல்லாமல் இருந்த பாதுகாப்புப் பகுதியாகவே இப்போது நிற்கிறது. அதைத் திரும்பச் சந்தையில் போட நல்ல நாள் எது என்று தேட வேண்டாம். வைப்பு நிதிக்கோ லிக்விட் ஃபண்டுக்கோ மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஒரு ஜூலையில் பங்கு 13.5, பாதுகாப்பு 3 லட்சம் என்று வளர்ந்திருந்தால் பங்கு 82 சதவீதம் ஆகியிருக்கும். அப்போதும் விற்க ஓடாதீர்கள். விற்றால் வரி வரும். வாங்கி ஒரு வருடம் ஆகாத தவணைகளுக்குப் பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. மாதத் தவணை 15,000ஐ வைப்பு நிதிப் பக்கம் திருப்பிவிட்டால், சந்தை அதே மட்டத்தில் நின்றால், சுமார் பத்து மாதத்தில் 75க்கு வந்துவிடும்.

ஃபண்டை மாற்றலாமா என்ற கேள்வி ஜனவரிக்கு மட்டும். அந்த ஃபண்டின் மூன்று வருட வருமானத்தை அதன் ஒப்பீட்டுக் குறியீட்டோடு பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு ஜனவரிகளில் பின்தங்கியிருந்தால் மாற்றலாம். நீண்டகால லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை என்பதால், ஜனவரியில் முடிவெடுத்தால் மார்ச் 31க்கு முன்னால் யோசித்துச் செய்ய நேரமும் இருக்கும்.

இடையில் எப்போது திறக்கலாம்? வேலை போனால், வீடு வாங்கினால், மகளின் கல்லூரி மூன்று வருடத்துக்குள் வந்துவிட்டால், ஃபண்டின் அடிப்படையே மாறுவதாக நிறுவனம் கடிதம் அனுப்பினால் திறங்கள். விலை இறங்கியது இந்தப் பட்டியலில் இல்லை. தனிப் பங்குகள் வைத்திருப்பவர்களுக்கு இந்த அட்டவணை போதாது. அவர்கள் ஒவ்வொரு காலாண்டு முடிவும் வந்த பிறகு படிக்க வேண்டும். கடன் வாங்கியோ ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸிலோ இறங்கியவர்கள் தினமும் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆப்பைப் போனின் முதல் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், அதன் அறிவிப்புகளை நிறுத்துங்கள், ஒவ்வொரு முறையும் லாக்-அவுட் செய்யுங்கள். உங்கள் ஆப்பைத் திறந்ததும் மொத்தத் தொகைக்குக் கீழே இன்றைய மாற்றம் சிவப்பிலோ பச்சையிலோ தெரியும், இல்லையா? அந்த ஒரு வரிதான் உங்களை ஏழு தடவை கூப்பிடுகிறது. ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்தில் 75:25, 80ஐத் தாண்டினால் என்ன, 70க்குக் கீழே போனால் என்ன என்று எழுதுங்கள். கீழே போனால் வைப்பு நிதியிலிருந்து பங்குக்குப் பணம் நகர வேண்டும். பயத்தில் இருக்கும்போது அதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, முன்னமே எழுதியிருந்தால்தான் செய்ய முடியும். அடுத்த பக்கத்தில் இன்றைய தேதி போட்டு, 10.9, 2.82, 79 சதவீதம் என்று மூன்று எண்களை எழுதி, கணவரிடமும் காட்டுங்கள். அடுத்த வரியை அடுத்த ஆய்வு ஞாயிறன்று எழுதினால் போதும்.