பழைய கம்பெனி மறுபடி கூப்பிடுகிறது, பழைய பாக்கி என்ன ஆகும்?

கேள்வி: 2019 ஜூன் 1 முதல் 2024 ஜனவரி 31 வரை ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நோட்டீஸ் காலத்தில் 15 நாள் குறைத்துக் கிளம்பியதால் ஃபைனல் செட்டில்மென்ட் முடியவே இல்லை. 18 நாள் விடுப்புச் சம்பளமும், நான் கைக்காசு போட்டுச் செய்த பயணச் செலவும் நிற்கின்றன. இப்போது 2024 டிசம்பர் 1 முதல் திரும்பி வரச் சொல்கிறார்கள். பாக்கியைக் கேட்டால், "முதலில் சேருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் ஹெச்.ஆர். பழைய சர்வீஸ் கணக்கில் வருமா?

பதில்: சேருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கையெழுத்துப் போடும்வரைதான் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்.

மறுபணிக்குத் தகுதி உண்டா என்ற கேள்வியில் நீங்கள் அநேகமாகத் தேறிவிட்டீர்கள். ஒருவர் வெளியேறும்போதே பல நிறுவனங்கள் அவருடைய கோப்பில் 'திரும்ப எடுக்கலாம்' அல்லது 'எடுக்கக் கூடாது' என்று குறித்துவைக்கும். (கைகுலுக்கி வழியனுப்பியவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை.) நோட்டீஸைக் குறைத்தவர்களை இரண்டாவது பட்டியலில் போடுவதும் உண்டு. அப்படிப் போட்டிருந்தால், யாராவது மேலதிகாரி விதிவிலக்கு தந்தால்தான் சேர முடியும். அந்த ஒப்புதல் எழுத்தில் வந்துவிட்டதா என்று கேளுங்கள். அது வரும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள்.

அடுத்து, ஆஃபர் லெட்டரை வரி வரியாகப் படியுங்கள். 'இது புதிய நியமனம்' என்று ஒரு வரியும், 'முந்தைய பணி தொடர்பாக எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இன்னொரு வரியும் இருக்கலாம். முதல் வரி பழைய சர்வீஸை அறுத்துவிடும். இரண்டாவது வரியில் கையெழுத்துப் போட்டால் பழைய பாக்கியை நீங்களே விட்டுக்கொடுத்ததாக வாதாடுவார்கள். அதை அடிக்கச் சொல்லுங்கள், அல்லது பாக்கிப் பட்டியலை இணைத்து, 'இணைப்பில் உள்ள தொகைகள் நீங்கலாக' என்று சேர்க்கச் சொல்லுங்கள். பாக்கி கேட்டு வழக்குப் போடும் காலக்கெடு பொதுவாகப் பணம் தரவேண்டிய நாளிலிருந்தே ஓடும். மறுபடி சேர்ந்ததால் மட்டும் அது புதிதாகத் தொடங்காது. நிறுவனம் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் பல நாடுகளில் நிலைமை மாறும், அதனால் வாய்ப்பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆனால் கேட்பதற்கு முன் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுப்புச் சம்பளத்தைப் பல இடங்களில் பேஸிக்கை வைத்துத்தான் போடுவார்கள். நோட்டீஸ் பிடித்தமோ சில இடங்களில் முழுச் சம்பளத்தின்மீது போகும். உங்கள் பேஸிக் முழுச் சம்பளத்தில் பாதி என்றால், 18 நாள் விடுப்பின் மதிப்பு 9 நாள் முழுச் சம்பளம்தான். அவர்கள் 15 நாளைப் பிடித்தால், நீங்களே 6 நாள் சம்பளம் தரவேண்டியதாகிவிடும்! இரண்டையும் எந்த அடிப்படையில் போட்டார்கள் என்று பழைய நியமனக் கடிதத்தோடு ஒப்பிடுங்கள். பயணச் செலவு சம்பளமல்ல, நீங்கள் முன்பணமாகப் போட்ட காசு. அதை இந்தக் கழித்தலுக்குள் கலக்காமல் ரசீதுகளோடு தனியாகக் கேளுங்கள். திரும்ப எடுப்பதற்காக நோட்டீஸ் பிடித்தத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்வதும் நியாயமான பேரம்தான். ஆள் வேண்டும் என்று தேடி வந்திருப்பவர்கள் அவர்கள்தானே.

சர்வீஸ் விஷயத்தில் நடைமுறை மூன்று விதம். சில இடங்களில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சில இடங்களில் இடைவெளியையும் சேர்த்து 2019 ஜூன் 1 என்ற தேதியே நிற்கும், இது அபூர்வம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவழி: இடைவெளியை மட்டும் தள்ளிவிட்டு ஒரு 'திருத்திய சேர்க்கைத் தேதி' போடுவார்கள். உங்களுக்கு இடைவெளி 10 மாதம். 2019 ஜூன் 1-ஐ 10 மாதம் நகர்த்தினால் 2020 ஏப்ரல் 1. அதாவது சேரும் நாளிலேயே 4 வருடம் 8 மாத சர்வீஸ் கையில் இருக்கும். இதைத்தான் கேட்கவேண்டும் என்பேன்.

ஆனால் அந்தத் தேதி எதற்கெல்லாம் பொருந்தும் என்றும் எழுதி வாங்குங்கள். விடுப்பு வரவுக்குப் பழைய சர்வீஸை எடுத்துக்கொண்டு, ஓய்வுக்காலப் பலனுக்கு எடுக்காமல் விடுவது சாதாரணம். புரொபேஷனும் மறுபடி வரலாம். ஓய்வுக்காலப் பலனை வெளியேறும்போது ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதே வருடங்களுக்கு இன்னொரு முறை கிடைக்காது, சிலர் அதைத் திருப்பிக் கட்டினால் மட்டும் சேர்ப்பார்கள். சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமை ஒவ்வொரு நாட்டிலும் வேறு, கம்பெனி விதி அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது.

கடிதத்தில் இப்படி ஒரு பத்தி கேளுங்கள்: "பணிக்கால அடிப்படையிலான பலன்களுக்கு சேர்க்கைத் தேதி 1.4.2020 எனக் கொள்ளப்படும். இணைப்பில் உள்ள முந்தைய பாக்கி முதல் மாதச் சம்பளத்தோடு தரப்படும்." சேர்ந்த பின் முதல் சம்பளச் சீட்டிலும் விடுப்புத் திரையிலும் எந்தத் தேதி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். புது ஊழியர் எண் கொடுக்கும்போது மென்பொருள் தானாகவே புதிய தேதியை எடுத்துக்கொள்வது உண்டு. கடிதத்தில் ஒன்று, திரையில் ஒன்று என்றிருந்தால் அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்.