மொத்தமாக வாங்கிய ஸ்டேஷனரியில் மீதி இருந்தால் ஆண்டுக் கடைசியில் என்ன பதிவு?

கேள்வி: ஆண்டின் எட்டாவது மாதத் தொடக்கத்தில், விலை குறைவாகக் கிடைத்ததால் அலுவலகத்துக்கு ஸ்டேஷனரி மொத்தமாக வாங்கினோம். பில் 93,000. முழுவதையும் ஸ்டேஷனரி செலவில் எழுதிவிட்டேன். இப்போது ஆண்டு முடிகிறது, ஸ்டோரில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மீதியைச் சொத்துக்கு மாற்றச் சொல்கிறார் ஆடிட்டர். பணம்தான் கொடுத்தாயிற்றே, அப்புறம் எப்படி அது செலவில்லை? எப்படிக் கணக்கிட்டு என்ன பதிவு போடுவது? பில்லையும் எண்ணிக்கைப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. பணம் எப்போது போனது என்பது ரொக்க ஏட்டுக்கான விஷயம். இலாப நட்டக் கணக்கு கேட்பது, இந்த ஆண்டில் எவ்வளவு பயன்பட்டுத் தீர்ந்தது என்பதை மட்டும்தான். பிரிக்காத காகிதக் கட்டு அடுத்த ஆண்டு வேலைக்கு உதவப்போகிறது. அதன் செலவை இந்த ஆண்டின் தலையில் கட்டினால், இந்த ஆண்டு இலாபம் குறைந்தும் அடுத்த ஆண்டு இலாபம் கூடியும் தெரியும். பில் தொகையை நீங்கள் இன்னும் கொடுக்காமல் கடனில் வைத்திருந்தாலும் இதேதான். கடன் கொடுத்தவர் கணக்கு அப்படியே இருக்கும், அதை இந்தப் பதிவு தொடாது.

முதலில் விலையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் பில்லில் ஏ4 காகிதம் 400 ரீம், ரீம் 180 வீதம் 72,000. டோனர் 10, ஒன்று 2,000 வீதம் 20,000. லெட்டர்ஹெட் 8,000 தாள், தாள் 1 வீதம் 8,000. ஆக 1,00,000. அதில் 10 சதவீதம் தள்ளுபடி போக 90,000, ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் 3,000, மொத்தம் 93,000. பலர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். மீதியிருப்பதைப் பில்லில் அச்சடித்த 180-க்கே மதிப்பிட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு 1,00,000 பட்டியல் விலைச் சரக்கு 93,000-க்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனவே ஒவ்வொன்றின் அடக்கவிலை பட்டியல் விலையில் 93 சதவீதம். ரீம் 167.40, டோனர் 1,860, லெட்டர்ஹெட் தாள் 0.93. பில்லில் வரி இருந்து, அதை நீங்கள் வரிக்கடனாகத் திரும்ப எடுத்துக்கொள்பவராக இருந்தால் வரி இந்த விலைக்குள் வரக்கூடாது. எடுக்க முடியாத வரி என்றால் அதுவும் அடக்கத்தில் சேரும்.

அடுத்தது எண்ணிக்கை. 250 ரீம், 6 டோனர், 5,000 லெட்டர்ஹெட் என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தை ஒருமுறை நம்பகத்தன்மைக்காகச் சோதித்துப் பாருங்கள். எட்டாம் மாதம் முதல் பன்னிரண்டாம் மாதம் வரை 5 மாதத்தில் 150 ரீம் தீர்ந்திருக்கிறது, அதாவது மாதம் 30 ரீம். வழங்கல் பதிவேடும் ஏறக்குறைய அதையே காட்டினால் எண்ணிக்கை சரி. இன்னொரு பயனும் உண்டு. அதே வேகத்தில் 250 ரீம் எட்டு மாதத்துக்கு மேல் சில நாள் தாங்கும். பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால்தான் இது நடப்புச் சொத்து என்ற தலைப்பின் கீழ் வசதியாக உட்கார்கிறது.

டோனர் விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. ஓர் அலுவலகத்தில் இருப்பு எண்ணப் போனேன். அலமாரியில் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஸ்டோர் பொறுப்பாளர் பட்டியலை நீட்டினார், எல்லாம் ஒத்துப்போயிற்று. ஒரு பெட்டியை எடுத்தபோது கொஞ்சம் லேசாக இருந்ததால் திறந்தேன். உள்ளே தீர்ந்துபோன பழைய கார்ட்ரிட்ஜ், புதியதில் இருக்கும் மூடிப் பட்டை இல்லை. புதியதை மெஷினில் மாட்டிவிட்டு, பழையதை அதே பெட்டியில் போட்டு, அலமாரியிலேயே வைக்கும் பழக்கம் அங்கே இருந்திருக்கிறது. மூன்று பெட்டிகளில் அதே கதை. அன்றிலிருந்து பெட்டியைத் திறக்காமல் நான் எண்ணுவதில்லை. காகித அட்டைப்பெட்டிகளிலும் முன்வரிசை நிறைந்திருக்கும், பின்னால் காலிப் பெட்டி நிற்கும். தூக்கிப் பார்த்தே எண்ணுங்கள்.

மேசைகளில் கிடக்கும் பேனா, பிரித்த ரீம், பாதி எழுதிய நோட்டு இவற்றை எண்ண வேண்டாம். ஸ்டோரிலிருந்து வெளியே போய்விட்டால் தீர்ந்ததாக வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. கடைசி நாளன்று எண்ண முடியாமல் நாலு நாள் கழித்து எண்ணினால், இடையில் வழங்கியதைக் கூட்டி, இடையில் வந்ததைக் கழித்துக் கடைசி நாள் இருப்புக்குத் திரும்புங்கள். சரக்கு வந்துவிட்டது, பில் இன்னும் வரவில்லை என்ற நிலை இருந்தால் மட்டும் உஷார். அந்தக் கொள்முதலைக் கணக்கில் எழுதாமல் சரக்கை மட்டும் இருப்பில் எண்ணினால், வாங்காத பொருளுக்குச் செலவைக் குறைத்தது போலாகிவிடும்.

இனி லெட்டர்ஹெட். உங்கள் பட்டியலிலேயே அதன் பக்கத்தில் 'பழைய முகவரி' என்று குறித்திருக்கிறீர்கள். அடக்கவிலைப்படி 5,000 தாள் 4,650. ஆனால் இனி யாருக்கும் அந்தத் தாளில் கடிதம் போகாது. பயன்படாத பொருள் சொத்தாகாது, அதன் மதிப்பு பூஜ்யம். அந்த 4,650 இந்த ஆண்டுச் செலவிலேயே கிடக்கட்டும்.

ஆக, மாற்ற வேண்டியது காகிதம் 250 ரீம் 167.40 வீதம் 41,850, டோனர் 6, 1,860 வீதம் 11,160. மொத்தம் 53,010. ஆண்டின் கடைசி நாள் தேதியிட்டு இந்தச் சரிக்கட்டுப் பதிவைப் போடுங்கள்:

ஸ்டேஷனரி இருப்பு க/கு — பற்று 53,010
ஸ்டேஷனரி செலவு க/கு — வரவு 53,010
(ஆண்டு முடிவில் பயன்படாத ஸ்டேஷனரி, எண்ணிக்கைப் பட்டியல்படி)

செலவுக் கணக்கில் 39,990 நிற்கும், அதில் வீணான லெட்டர்ஹெட்டும் அடக்கம். 53,010 இருப்புநிலைக் குறிப்பில் நடப்புச் சொத்தில் வரும். இலாபமும் அதே அளவு கூடும். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக வாங்கிப் போட்டு இலாபத்தைக் குறைக்கலாம் என்று நினைப்பவர்களுக்குப் பிடிக்காத பதிவு இது.

பதிவைப் போட்ட பிறகு இருப்பாய்வு எடுத்தால், ஸ்டேஷனரி இருப்பு அதற்குள்ளேயே வந்துவிடும், அதை நேரே இருப்புநிலைக் குறிப்புக்குக் கொண்டுபோனால் போதும். செலவிலிருந்து இன்னொரு தடவை கழித்துவிடாதீர்கள். இருப்பாய்வுக்கு வெளியே, அடிக்குறிப்பாக மட்டும் மீதி கொடுக்கப்பட்டிருந்தால்தான் செலவில் கழிப்பதும் சொத்தில் காட்டுவதும் என இரண்டு இடத்திலும் தொட வேண்டும்.

எந்தக் கணக்குத் தலைப்பு என்பதில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, இதை விற்பனைச் சரக்கின் இறுதி இருப்போடு சேர்ப்பது. நீங்கள் ஸ்டேஷனரி விற்கும் கடை நடத்தவில்லை. அப்படிச் சேர்த்தால் 53,010 வியாபாரக் கணக்கில் ஏறி, மொத்த இலாபம் காரணமில்லாமல் வீங்கும். தனிப் பெயரில் வையுங்கள். இன்னொன்று, முன்கூட்டிச் செலுத்திய செலவு என்று எழுதுவது. அது இன்னும் கிடைக்காத சேவைக்குப் பணம் கொடுத்தால் வருவது, காப்பீட்டுத் தவணை போல. இங்கே பொருள் கைக்கு வந்து அலமாரியில் இருக்கிறது. மொத்தத் தொகை மாறாது என்பதால் இதை நான் பெரிய குற்றமாகச் சொல்வதில்லை, ஆனாலும் இருப்பு என்பதே பொருத்தமான பெயர்.

உண்மையான ஆபத்து அடுத்த ஆண்டில்தான். இந்த 53,010-ஐத் திரும்பச் செலவுக்குக் கொண்டுவர மறந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு நீங்கள் 20,000-க்கு வாங்கி, ஆண்டு முடிவில் 15,000 மீதி என்று வைத்துக்கொள்வோம். தொடக்க இருப்பு 53,010, கொள்முதல் 20,000, இறுதி இருப்பு 15,000 போக, உண்மையில் தீர்ந்தது 58,010. பழைய இருப்பைத் தொடாமல் புதிய 15,000-ஐ மட்டும் மாற்றினால் செலவு 5,000 என்று காட்டும், சொத்தில் 68,010 நிற்கும். ஸ்டோரைத் திறந்தால் இருப்பது 15,000 சரக்குதான். ஸ்டேஷனரி இருப்பு கணக்கின் மீதி, அந்த ஆண்டின் எண்ணிக்கைப் பட்டியல் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே இந்தத் தவறு பிடிபட்டுவிடும்.

திருப்புவதற்கு இரண்டு வழி உண்டு. அடுத்த ஆண்டின் முதல் நாளிலேயே செலவைப் பற்றும் இருப்பை வரவும் எழுதி முழுவதையும் திருப்பிவிடலாம். மறதிக்கு இடமில்லை, சிறிய அலுவலகத்துக்கு இதுவே சிறந்தது. ஆனால் மாதாமாதம் இலாப நட்டம் எடுப்பவர்களுக்கு முதல் மாதத்தில் மட்டும் 53,010 செலவு விழுந்து முதலாளி காரணம் கேட்பார். அவர்கள் ஒவ்வொரு மாதமும் வழங்கல் பதிவேட்டைப் பார்த்துத் தீர்ந்த அளவை மட்டும் செலவுக்கு மாற்றலாம்.

இனிமேல் மொத்தமாக வாங்கும்போது தொடக்கத்திலேயே ஸ்டேஷனரி இருப்பு கணக்கில் எழுதுவதும் நல்லதுதான். அப்போது ஆண்டு முடிவில் பதிவின் திசை மாறும். மீதியை மாற்றாமல், தீர்ந்த 39,990-ஐ இருப்பிலிருந்து செலவுக்கு எடுக்க வேண்டும். ஒரே ஆண்டில் சில பில்களைச் செலவிலும் சில பில்களை இருப்பிலும் எழுதிவிட்டு, கடைசியில் எதை மாற்றுவது என்று தெரியாமல் திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறையைப் பிடித்து அதிலேயே நில்லுங்கள்.

மீதி மிகச் சிறிய தொகை என்றால், நாலு பேனா பெட்டிக்காக யாரும் பதிவு போடுவதில்லை, வாங்கியதே செலவு என்று விட்டுவிடலாம். எந்தத் தொகைக்குக் கீழே விடலாம் என்பதை ஆடிட்டரோடு பேசி முடிவு செய்து ஒவ்வோர் ஆண்டும் அதையே பின்பற்றுங்கள். உங்கள் 53,010 அந்த ரகமல்ல. எண்ணியவர், சரிபார்த்தவர் இருவரும் கையெழுத்திட்ட பட்டியலைச் சரிக்கட்டுப் பதிவோடு கோத்து வையுங்கள், ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். பழைய லெட்டர்ஹெட்டின் பின்பக்கத்தில் ஊழியர்கள் குறிப்பெழுதிக்கொண்டால் எழுதட்டும், அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.