மழை குறுக்கிட்ட ஆட்டங்களில் பந்தயக் கணக்கு எப்படித் தீர்க்கப்படுகிறது?

பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒரு பந்தய நிறுவனத்தில் கணக்குத் தீர்க்கும் பிரிவில் பணியாற்றியவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: 2023 ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னை 190.5 ரன்னுக்குக் கீழேதான் எடுக்கும் என்று லண்டனில் இருக்கும் என் மைத்துனர் பந்தயம் கட்டினார். சென்னை எடுத்தது 171. ஆனாலும் கட்டிய தொகை மட்டும்தான் திரும்பி வந்தது. இது எந்த ஊர் நியாயம்?

பதில்: குஜராத் 214 ரன் எடுத்திருக்க, சென்னை மூன்று பந்துகளில் 4 ரன் எடுத்த நிலையில் மழை வந்தது; பிறகு 15 ஓவரில் 171 என்று இலக்கு மாற்றப்பட்டது. யார் வெல்வார் என்ற பந்தயத்துக்கு இதனால் பாதிப்பில்லை. அறிவிக்கப்பட்ட முடிவே முடிவு என்பதால், சென்னை மீது கட்டியவர்களுக்குப் பணம் கிடைத்திருக்கும். அணியின் மொத்த ரன் மீதான பந்தயம் வேறு வகை. பந்தயம் கட்டிய நேரத்தில் திட்டமிடப்பட்டிருந்த ஓவர்களில் 80 சதவீதமாவது வீசப்பட வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. இருபதில் அது 16 ஓவர், வீசப்பட்டவை 15. ஆகவே பந்தயம் செல்லாது. இதில் ஒரு கோணல் உண்டு: எல்லை 160.5 ஆக இருந்திருந்தால், 161-வது ரன் எடுத்த கணத்திலேயே விடை உறுதியாகிவிடுவதால், 'மேலே' என்றவர் வென்றிருப்பார், 'கீழே' என்றவர் தோற்றிருப்பார். ஓவர்கள் அந்த வரம்புக்குக் கீழே வெட்டப்பட்ட ஆட்டத்தில் 'கீழே' என்றவர் தோற்கலாம், பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் வெல்ல மாட்டார். அந்தப் பிரிவில் இருந்தபோதே எனக்கு இது உறுத்தியது.

கேள்வி: ஒரு சிறு திருத்தம், ஐயா. ஓர் ஓவர் குறைந்தாலே செல்லாது என்று எழுதி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டே?

பதில்: உண்டு. 80 என்பது வழக்கம்தான், சட்டம் அல்ல.

கேள்வி: எப்படியோ, மழை வந்து ஆட்டம் முடியாமல் போனால் பணம் திரும்பிவிடும், டெஸ்டிலும் அப்படித்தான், சரிதானே?

பதில்: பாதி சரி. 2019 உலகக் கோப்பையில் டிரெண்ட் பிரிட்ஜில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஒரு பந்துகூட ஆடாதது போன்ற ஆட்டங்களில் வெற்றிப் பந்தயத் தொகை திருப்பித் தரப்படும். டெஸ்டில் டிராவுக்கும் தனி விலை, அதாவது வென்றால் தரப்படும் பண விகிதம், உண்டு. 2023 ஆஷஸில் ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டின் கடைசி நாள் முழுவதும் மழையில் போய் ஆட்டம் டிரா ஆனபோது, டிரா மீது கட்டியவர்கள் வென்றார்கள். இங்கிலாந்தையோ ஆஸ்திரேலியாவையோ நம்பியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

கேள்வி: நான் மழை இடைவேளையில் மொத்த ரன் மீது கட்டினேன். ஏற்றுக்கொண்டுவிட்டு, மறுநாள் செல்லாது என்றார்கள். அப்போதே 15 ஓவர் என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார்கள்!

பதில்: 15 ஓவருக்கென்று புது விலை வைத்த பிறகு கட்டியிருந்தால் உங்கள் பந்தயம் செல்லும், பழைய 20 ஓவர் விலையில் பதிவாகியிருந்தால் செல்லாது. அறிவிப்புக்கும் விலை மாற்றத்துக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில்தான் வழக்குகள் முளைக்கின்றன. பதிவு நேரத்தையும் அப்போது காட்டப்பட்ட விலையையும் கேட்டு வாங்குங்கள். நிறுவனம் இறுதி மறுப்பு தந்த பிறகு, பிரிட்டனில் ஐபாஸ் என்ற நடுவர் அமைப்புக்கு எழுதலாம். இத்தகைய வழக்குகள் இரண்டு பக்கமும் தீர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த நேரப் பதிவைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது.