வறுமைக் கோட்டை யார் போட்டது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உலக வங்கியின் வறுமைக் கோடு ஒரு நாளைக்கு 3 டாலர் என்கிறார்கள். இன்றைய மாற்று விகிதத்தில் அது 250 ரூபாய்க்கும் மேல். அப்படியென்றால் இந்தியாவில் பாதிப் பேர் ஏழைகளா?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வங்கியில் கொடுத்து மாற்றும் டாலர் வேறு, வறுமைக் கோட்டில் வரும் டாலர் வேறு. பின்னது வாங்கும் திறன் சமநிலையில் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் ஒரு டாலர் வாங்கித்தரும் பொருளை இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பதே அந்த விகிதம். 2021ஆம் ஆண்டு விலைகளில் அது சுமார் 20 ரூபாய். ஆகவே 3 டாலர் என்பது அந்த ஆண்டு விலையில் 60 ரூபாய்க்குச் சற்று மேல், அவ்வளவுதான். இன்றைய தொகை வேண்டுமானால் அதற்குப் பிந்தைய விலையேற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கோடு, எந்த ஆண்டு விலை, கணக்கெடுப்பில் எந்த வினாத்தாள்: இந்த மூன்றையும் கேட்காமல் எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள்.

அந்த 3 டாலரை யார், எப்படி முடிவு செய்தார்கள்?

ஏழை நாடுகள் தங்கள் மக்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடுகளை ஒரே அளவுக்கு மாற்றி, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்தார்கள். 1990இல் கோடு ஒரு டாலர். பிறகு 1.25, 1.90, 2.15 என்று நகர்ந்து 2025 ஜூனில் 3 ஆனது.

2025 ஜூனில் உலகில் 12 கோடிப் பேர் ஒரே நாளில் ஏழைகளானார்கள் என்று படித்தேன். என்ன பேரழிவு நடந்தது?

ஒன்றும் நடக்கவில்லை. 2022ஆம் ஆண்டுக்கான எண்ணிக்கை பழைய கோட்டில் சுமார் 71 கோடி, புதிய கோட்டில் சுமார் 84 கோடி. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கோடு மேலே போனது. அதே சமயம் இந்தியாவின் புதிய கணக்கெடுப்பு வந்து சேராமல் இருந்திருந்தால் இந்த ஏற்றம் 22 கோடியைத் தாண்டியிருக்கும். எந்த வினாத்தாள் என்று கேட்கச் சொன்னேனே, அதன் காரணம் கீழே வருகிறது.

ஐரோப்பாவில் இடைநிலை வருமானத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர் ஏழை. எல்லோர் வருமானமும் ஏறினாலும் கீழே யாராவது இருக்கத்தானே செய்வார்கள்? இது முடிவே இல்லாத வறுமை அல்லவா?

சராசரியையும் இடைநிலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்து குடும்பங்களின் வருமானம் 70, 80, 100, 150, 400 என்று வையுங்கள். நடுவில் இருப்பது 100, ஆகவே கோடு 60. அதற்குக் கீழே ஒருவரும் இல்லை. 400 வாங்குபவர் 4,000 வாங்கினாலும் கோடு அசையாது. இந்த அளவுகோலின் உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. மந்தநிலை வந்து நடுத்தர வருமானம் சரிந்தால் கோடும் சேர்ந்து சரியும். யாருக்கும் ஒரு காசு கூடாமலே ஏழைகள் குறைந்துவிட்டதாகத் தோன்றும். 2008 நெருக்கடிக்குப் பின் பிரிட்டனில் இதுதான் நடந்தது. அதனால்தான் ஓர் ஆண்டின் கோட்டை நிறுத்திவைத்து, விலையேற்றத்தை மட்டும் சேர்த்து இன்னொரு கணக்கும் போடுகிறார்கள். இரண்டையும் பாருங்கள்.

அமெரிக்கக் கோடு உணவுச் செலவின் மூன்று மடங்காமே. ஏன் மூன்று?

1955இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. 1960களில் பொருளியலாளர் மாலி ஓர்ஷான்ஸ்கி அரசின் மிக மலிவான உணவுத் திட்டத்தின் விலையை எடுத்து மூன்றால் பெருக்கினார். அன்றைக்கு நியாயமான கணக்கு. இன்று அங்கே குடும்பச் செலவில் உணவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். வாடகையும் மருத்துவமும் குழந்தை பராமரிப்பும் மீதியை விழுங்குகின்றன. கோடோ விலைவாசிக் குறியீட்டால் மட்டும் ஏற்றப்பட்டு அப்படியே நிற்கிறது.

1993-94இல் 36 சதவீதமாக இருந்த இந்திய வறுமை 1999-2000இல் 26 சதவீதமானது. இவ்வளவு வெளிப்படையான முன்னேற்றத்தைக் கூட ஏன் நிபுணர்கள் சந்தேகித்தார்கள்?

கேட்டுவிட்டீர்கள், பொறுமையாகப் படியுங்கள். மாறியது வறுமை மட்டுமல்ல, கேள்வியும் மாறியது. 1993-94இல் உணவுக்குக் கடந்த 30 நாளில் என்ன செலவு என்று கேட்டார்கள். பிறகு சில ஆண்டுகள் சோதனையாக, குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் 30 நாள் கணக்கையும் மறுபாதியிடம் 7 நாள் கணக்கையும் கேட்டார்கள். ஏழு நாள் கேட்டால் உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் அதிகமாக வந்தது. மாதம் முழுவதையும் கேட்டால் சில்லறைச் செலவுகள் மறந்துபோகின்றன. வாரத்தை மட்டும் கேட்டால் அதற்கு முன்பு வாங்கியதும் உள்ளே வந்துவிடுகிறது. எது உண்மைக்குப் பக்கம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும்.

இதனால் என்ன ஆகிறது என்று ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு பாருங்கள். கோடு தலைக்கு மாதம் 800 ரூபாய். மாதக் கணக்கில் உணவு 450, மற்றவை 270, ஆக 720: ஏழை. வாரக் கணக்கில் அதே உணவு 585 ஆகிறது, மொத்தம் 855: ஏழை இல்லை. அந்த வீட்டில் ஒரு பிடி அரிசி கூடவில்லை. இப்படிக் கோட்டை ஒட்டியே கோடிக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பதால், கேள்வியை மாற்றினாலே வறுமை விகிதம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று அந்தச் சோதனை காட்டியது.

1999-2000இல் இரண்டு கேள்விகளையும் ஒரே குடும்பத்திடம், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றை இழுக்காமல் இருக்குமா? வாரக் கணக்குக்குப் பொருந்துமாறு மாதக் கணக்கும் உயர்ந்தது. வறுமை குறைந்தது உண்மைதான், ஆனால் பத்துப் புள்ளிகளும் உண்மையான குறைவு அல்ல. ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் இதைச் சரிசெய்யப் போராடினார்கள். அப்படியிருந்தும் இந்த இரண்டு எண்களையும் ஒரு கோட்டால் இணைத்து மேடைகளில் காட்டும் வழக்கம் போகவில்லை.

2022-23 கணக்கெடுப்பில் காய்கறி, பழம், முட்டை, மீன் போன்றவற்றுக்கு 7 நாள், தானியங்களுக்கு 30 நாள், துணிமணிக்கு ஓர் ஆண்டு என்று கேட்டார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள். 2011-12க்கான 22 சதவீதம் என்ற அரசு எண் உணவு முழுவதையும் 30 நாளாகக் கேட்டு வந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைக்காதீர்கள். 2011-12இலேயே புதிய முறையில் வேறு குடும்பங்களிடம் தனியாகக் கேட்ட தரவு இருக்கிறது. ஒப்பிட வேண்டுமானால் அதை எடுங்கள்.

வறுமை என்பது வருமானமா, செலவா?

பணக்கார நாடுகளும் லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலான நாடுகளும் வருமானத்தை அளக்கின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலும் செலவு. இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

நாளை ஒப்படைக்க வேண்டிய கட்டுரை. வறுமைக் கோடு எவ்வளவு, ஒரே வரியில் அனுப்பவும்.

எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த ஊர்வகை என்று ஒன்றுமே எழுதவில்லை. அனுப்ப என்ன இருக்கிறது?

எங்கள் குடும்பம் கோட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று எங்கே தெரிந்துகொள்வது?

எங்கும் முடியாது. கோட்டுக்குக் கீழே எத்தனை சதவீதம் என்பது மாதிரிக் குடும்பங்களிடம் கேட்டுக் கணிப்பது; அதில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும் வாய்ப்பே மிகக் குறைவு. உதவி பெறுவோர் பட்டியல் வேறு வேலை. யார் என்ன செலவு செய்கிறார் என்று வீடு வீடாகச் சரிபார்க்க முடியாததால், கூரை, நிலம், வாகனம் போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்து அதைத் தயாரிக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர் பட்டியலில் விடுபடுவதும், மேலே இருப்பவர் அதில் இடம்பெறுவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். உங்கள் பெயர் விடுபட்டிருந்தால் கோட்டைப் பற்றி வாதிடாதீர்கள். எந்த அடையாளத்தால் நீக்கினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.