வார ஊசிக்குப் பின் குமட்டலும் மலச்சிக்கலும்

"சர்க்கரைக்கும் எடை குறையவும் தரும் செமாகுளுடைடு ஊசியை வாரம் ஒருமுறை, வெள்ளி இரவு போடுகிறேன். சனி, ஞாயிறு முழுக்கக் குமட்டல். நான்கு நாளாக மலமும் போகவில்லை. என்ன சாப்பிடுவது?"

சனிக்கிழமைக் காலைப் பரோட்டாவை முதலில் நிறுத்துங்கள். இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. எண்ணெய் அதை இன்னும் தாமதப்படுத்தும். இரண்டு இட்லியோ அரைக் கிண்ணம் கஞ்சியோ போதும், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி கொஞ்சம். வயிறு நிறையும் முன்பே கை கழுவிவிடுங்கள். தட்டில் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை.

உணவு குறையும்போது தண்ணீரும் குறைந்துவிடுகிறது. மலம் இறுக அதுவும் ஒரு காரணம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தண்ணீரைக் கூட்டி, பிறகு பப்பாளி, கீரை சேருங்கள்.

வாந்தி நிற்காவிட்டாலோ, கடும் வயிற்றுவலி முதுகுக்குப் பரவினாலோ, காற்றும் பிரியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்சுலினும் போடுபவரென்றால், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்; சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.