கார்டு மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: i5-6500 பிராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, எஸ்எஸ்டி வைத்திருக்கிறேன். சைபர்பங்க் 2077-ல் எஃப்பிஎஸ் 55, 60 என்று காட்டுகிறது. ஆனால் வண்டி ஓட்டும்போது ஜெர்க் அடித்துக்கொண்டே இருக்கிறது. கிராபிக்ஸைக் குறைத்தாலும் அப்படியேதான். கடைக்காரர் பெரிய கார்டு போடச் சொல்கிறார். போடலாமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போடாதீர்கள். இருக்கிற கார்டுக்கே உங்கள் பிராசஸர் சரியாக வேலை கொடுக்க முடியவில்லை. பெரிய கார்டு வாங்கினால் அது இன்னும் அதிக நேரம் சும்மா இருக்கும், ஜெர்க் அப்படியே இருக்கும்.

முதலில் அந்த 55, 60 என்ற எண்ணை நம்புவதை விடுங்கள். அது ஒரு நொடியின் சராசரி. ஒரு நொடியில் 55 பிரேம்கள் தலா 16 மில்லி செகண்டில் வந்தால் 880 ஆகிறது. மீதி 120 மில்லி செகண்டை ஒரே ஒரு பிரேம் விழுங்கிவிட்டது என்று வையுங்கள். கணக்குப்படி அந்த நொடியில் 56 எஃப்பிஎஸ். உங்கள் கண்ணுக்கோ படம் நின்று, பிறகு குதிக்கிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வழியில் ஒரு நாளில் எத்தனை வண்டி போனது என்ற கணக்கு, கேட்டில் நிற்பவருக்கு எந்த விதத்தில் உதவும்?

அந்த ஒரு பிரேம் ஏன் மாட்டிக்கொள்கிறது என்பதுதான் விஷயம். i5-6500-ல் நான்கு கோர், ஒரு கோருக்கு ஒரு த்ரெட். ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் ஓடும். ஐந்தாவது வந்தால், ஓடுகிற ஒன்றை விண்டோஸ் நிறுத்திவைத்துத்தான் அதற்கு இடம் தர வேண்டும். நீங்கள் ஊருக்குள் வண்டி ஓட்டும்போது, விளையாட்டின் மெயின் த்ரெட் ஒன்று, கார்டுக்கு உத்தரவு தயாரிக்கும் த்ரெட் ஒன்று, கார்டின் டிரைவருக்கான வேலை ஒன்று என்று மூன்று பெரிய வேலைகள் எப்போதும் ஓடுகின்றன. நடைபாதைக் கூட்டத்தின் அசைவு, மற்ற வண்டிகள், மோதல் கணக்கு, ஒலி ஆகியவை சின்னச் சின்னத் துண்டுகளாக மிச்ச இடத்தில் நுழைகின்றன. இதுவரைக்கும் இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடும். நீங்கள் வேகமாக ஒரு தெருவில் திரும்பினால், அடுத்த தெருவின் டெக்ஸ்சர்களையும் கட்டடங்களையும் எஸ்எஸ்டியிலிருந்து எடுத்து, சுருக்கி வைத்ததை விரிக்கும் வேலை திடீரென்று எழும். அது ஒரு கோரை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அந்த கோரில் பாதியில் நின்ற துண்டு வேலை முடியாமல் அந்தப் பிரேம் திரைக்கு வராது. மற்ற வேலைகள் முடிந்திருந்தாலும் அந்த ஒரு துண்டுக்காகக் காத்திருக்கின்றன. கார்டும் கூடவே காத்திருக்கிறது.

இதே தலைமுறை i7-6700-லும் நான்கு கோர்தான். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட்டை வைத்துக்கொள்ளும். ஒன்று ரேமிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொன்று அந்த கோரைப் பயன்படுத்திக்கொள்ளும். இதனால் வேகம் இரட்டிப்பாகாது. ஆனால் ஐந்தாவது வேலைக்காக நான்காவதை வெளியே தள்ள வேண்டிய அவசியம் குறைகிறது. அதனால்தான் சராசரி கொஞ்சமே ஏறினாலும் ஜெர்க் நன்றாகக் குறைகிறது.

பழைய விளையாட்டுகள் ஏன் ஒழுங்காக ஓடின என்று நினைப்பீர்கள். பிளேஸ்டேஷன் 4-ல் எட்டு கோர் இருந்தாலும் அவை மெதுவான கோர்கள். அவற்றுக்கு அளந்து செய்த வேலையை உங்கள் நான்கு வேகமான கோர்கள் முடித்துவிட்டன. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ல் எட்டு வேகமான கோர், பதினாறு த்ரெட். அதற்கு அளந்து செய்கிற வேலை நான்கு த்ரெட்டில் அடங்காது. சைபர்பங்க் 2020-ல் வந்தபோது குறைந்தபட்சத் தேவை i5-3570K, அதாவது நான்கு கோர், நான்கு த்ரெட். 2023-ல் 2.0 அப்டேட்டோடு அதை i7-6700 என்று உயர்த்திவிட்டார்கள். உங்கள் பிராசஸர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது.

இதை என் வார்த்தைக்காக நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் நான்கு கோரின் பயன்பாடு, கார்டின் பயன்பாடு, ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் Frametime கோடு ஆகிய மூன்றையும் திரையில் வரவையுங்கள். ஒரே வழியில் இரண்டு முறை வண்டி ஓட்டுங்கள். கோடு குத்தாக எழும் இடத்தில் நான்கு கோரும் 100-ஐ ஒட்டி நின்று, கார்டின் பயன்பாடு சரிந்தால் குற்றவாளி பிராசஸர்தான். முதல் சுற்றில் மட்டும் ஜெர்க் அடித்து இரண்டாம் சுற்றில் காணாமல் போனால், அது பெரும்பாலும் ஷேடர் தயாரிக்கும் வேலை. கோர்களில் இடம் இருந்து, கார்டின் 6 ஜிபி மெமரி நிரம்பி வழிந்தால் டெக்ஸ்சரைக் குறைக்க வேண்டும். அதோடு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா, இரண்டு 8 ஜிபியா என்று பாருங்கள். ஒரே குச்சியாக இருந்தால் கோர்கள் தகவலுக்காகக் காத்திருப்பது இன்னும் கூடும்.

நீங்கள் குறைத்த கிராபிக்ஸ் அமைப்புகளில் பெரும்பாலானவை கார்டின் சுமையைத்தான் குறைக்கும். பிராசஸருக்குப் பலன் தருவது கூட்டத்தின் அளவைக் குறைக்கும் Crowd Density. அதை Low-வில் வையுங்கள். அடுத்தது, எஃப்பிஎஸ்ஸுக்குக் கடிவாளம். ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாடியூனரில் Framerate limit-ஐ 45 ஆக்குங்கள். 60-க்கு ஓடும்போது ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட் கிடைக்கிறது, 45-ல் 22.2. அந்த ஐந்தரை மில்லி செகண்டில்தான் தெருவை விரிக்கும் வேலை யாரையும் தள்ளாமல் முடியும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 45 சற்றே சீரற்றுத் தெரியும். அது உறுத்தினால் 30-ல் நிறுத்துங்கள், பிரேம்கள் சரிசமமாக விழும். பிரவுசரை மூடிவிட்டு விளையாடுங்கள். டாஸ்க் மேனேஜரில் பிரயாரிட்டியை High ஆக்கச் சொல்லும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். இடமே இல்லாத நான்கு கோரில் மற்ற வேலைகள் பட்டினி கிடக்கும்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால், அதே போர்டில் பழைய i7-6700 வாங்கிப் போடலாம். இரண்டும் 65 வாட் என்பதால் இருக்கும் கூலரே போதும், தெர்மல் பேஸ்ட்டை மட்டும் புதிதாகத் தடவுங்கள். i7-7700-ம் பொருந்தும். ஆனால் பழைய H110 போர்டு என்றால் i5-6500 உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரை வராது. நல்ல விலைக்குப் படிந்தால் மட்டும் வாங்குங்கள். சைபர்பங்க்கில் i7-6700 குறைந்தபட்சக் கோட்டைத்தான் தொடுகிறது. விலை ஏறினால், ஆறு கோர் பன்னிரண்டு த்ரெட் உள்ள i5-12400F-ஐ டிடிஆர்4 ரேம் ஏற்கும் H610 போர்டோடு வாங்குவதே சரி. உங்கள் ரேம் டிடிஆர்4 என்றால் அதையும் கார்டையும் அப்படியே புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு பொருளைக் காட்டினால் கையில் எடுக்காதீர்கள். ஒன்று i7-8700. உங்கள் சாக்கெட்டில் உட்காரும், ஆனால் H110 போர்டில் வேலை செய்யாது. இன்னொன்று Xeon E3-1230 v5. எட்டு த்ரெட், விலையும் குறைவு, ஆனால் சர்வர் சிப்செட் உள்ள போர்டு இல்லாமல் ஓடாது. எதை வாங்கினாலும், உங்கள் போர்டின் மாடல் பெயரைப் போட்டுத் தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்த பிராசஸர் பட்டியலில் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.